நேர்முகப் பரீட்சையில் “இந்தப் பேப்பர் ஏன் இப்படி?” என்று கேட்டால்: குறைந்த பெறுபேற்றையும் முடியாத பாடத்தையும் விளக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் இயங்கும் வங்கிக் கிளையோ, நிதி நிறுவனமோ, மென்பொருள் நிறுவனமோ ஒரு பட்டதாரியை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்போது, சுயவிபரக் கோவையுடன் பல்கலைக்கழகப் பெறுபேற்று அட்டவணையையும் கொண்டுவரச் சொல்வது வழக்கம். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் முதலில் அந்த அட்டவணையின் கீழ்க்கோட்டில் உள்ள ஜீ.பி.ஏ.யைப் பார்ப்பார், அடுத்ததாக, மற்றவற்றுடன் ஒட்டாமல் நிற்கும் ஒரு ‘டி’யையோ, பெறுபேறு இல்லாத ஒரு கட்டத்தையோ விரலால் தொட்டுக் கேட்பார். அந்தக் கேள்விக்கு எப்படித் தயாராவது, என்ன சொல்வது, நேர்முகம் முடிந்த பின் என்ன அனுப்புவது என்பவற்றை மட்டுமே இந்த வழிகாட்டி பேசுகிறது.

தொடங்குமுன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே சொல்லப்படுவது தனியார் துறைக்கும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தும். அரச சேவை ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில், தேவையான தகைமைகள் அனைத்தையும் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னரே பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழமையாக இருக்கும். பட்டம் செயல்வலுப் பெறும் திகதி அந்த முடிவுத் திகதிக்குப் பின் விழுந்தால், எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் நேர்முகக் குழுவால் விலக்களிக்க முடியாது. ஆகவே பாடம் நிலுவையில் இருக்கும்போது அரச பதவிக்கு விண்ணப்பிப்பவர், விளக்கத்தைத் தயாரிப்பதற்கு முன் அறிவித்தலில் உள்ள அந்த வரியைத் தேடி வாசிக்க வேண்டும்.

முதற்படி: அட்டவணையை மற்றவரின் கண்ணால் வாசித்தல்

பலர் தங்கள் அட்டவணையில் எது குறைவு என்பதை அறிந்திருப்பார்கள். ஆனால் அந்தக் குறைவு என்ன வகையைச் சேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கு வகைகள் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. முதலாவது, பரீட்சை எழுதிக் குறைந்த தரம் பெற்றது. இரண்டாவது, ஒருமுறை தவறி மீண்டும் எழுதிச் சித்தியடைந்தது, அதாவது நாங்கள் ‘றிப்பீற்’ என்று சொல்வது. மூன்றாவது, மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்பட்டு ‘மெடிக்கல்’ என்று பதிவானது. நான்காவது, பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை என்று பதிவாகி இன்னும் எழுதப்படாமல் இருப்பது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. நமது அரச பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவற்றில், மீளப் பரீட்சை எழுதும் ஒருவர் எவ்வளவு திறமாக எழுதினாலும் பெறக்கூடிய உச்சத் தரம் ‘சி’, அதாவது 2.00 புள்ளி. மெடிக்கல் ஏற்கப்பட்டவருக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அவர் அடுத்த முறை எழுதுவது முதல் அமர்வாகவே கணிக்கப்படும். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து வரும் மனிதவள முகாமையாளர் இதை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை; வெளிநாட்டில் படித்தவரோ தொழில்சார் பரீட்சைகள் வழியாக மேலே வந்தவரோ என்றால், அறியாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் அட்டவணையில் நிற்கும் ‘சி’ ஒரு றிப்பீற்றின் உச்சவரம்பு என்றால், அதை ஒரே வசனத்தில் அமைதியாகச் சொல்லலாம். ஆனால் முதலில் தவறியது ஏன் என்ற கேள்வி அதன் பின்னும் அப்படியே இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்கள் பீடத்தின் விதிக் கைநூலை எடுத்து இந்த விதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். எத்தனை ‘டி’ வரை பட்டத்துக்கு அனுமதி, எத்தனை முறை மீள எழுதலாம், கற்கையை எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பவை பீடத்துக்குப் பீடம் வேறுபடும். நண்பர் சொன்னார் என்பதற்காக நேர்முகத்தில் ஒரு விதியைச் சொல்லி, அதே பீடத்தில் படித்த ஒருவர் மேசையில் இருந்துவிட்டால் நிலைமை சிக்கலாகிவிடும். யாழ்ப்பாணம் போன்ற சிறிய வட்டத்தில் அப்படி ஒருவர் இருப்பது சர்வசாதாரணம்.

இரண்டாம் படி: கணக்குப் போட்டுப் பார்த்தல்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள், அதனால்தான் இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முகாமைத்துவக் கற்கையில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் பயின்ற ஒரு மாணவி. மொத்தம் 120 கிரெடிற். முதலாம் வருடத்தின் 30 கிரெடிற்றில் அவரது சராசரி 2.20, இரண்டாம் வருடத்தின் 30 கிரெடிற்றில் 2.60, மூன்றாம் வருடத்தில் எழுதிய 27 கிரெடிற்றில் 3.00, நான்காம் வருடத்தின் 30 கிரெடிற்றில் 3.19. மூன்றாம் வருடத்தில் முகாமைக் கணக்கீடு என்ற 3 கிரெடிற் பாடம், மெடிக்கல் ஏற்கப்படாமல் சமுகமளிக்கவில்லை என்று பதிவாகி, எழுதப்படாமல் நிற்கிறது; இனி எழுதினால் அது மீளப் பரீட்சையாகவே கணிக்கப்படும். இரண்டாம் வருடப் புள்ளிவிபரவியலில், அதுவும் 3 கிரெடிற், ஒரு ‘டி’ இருக்கிறது. இதுவரை எழுதிய 117 கிரெடிற்றின் ஜீ.பி.ஏ. 2.74.

இந்த மாணவிக்கு இயல்பாக வாயில் வரக்கூடிய விளக்கம், “அந்த ரெண்டு பேப்பராலதான் எனக்குக் கிளாஸ் போனது” என்பதாகும். கணக்கு அதை ஏற்காது. முகாமைக் கணக்கீட்டை மீள எழுதி உச்சமான ‘சி’ கிடைத்தால் இறுதி ஜீ.பி.ஏ. 2.72 ஆகும். அதை முதல் அமர்விலேயே எழுதி ‘பி’ எடுத்திருந்தால் 2.75 ஆகியிருக்கும். அதற்கு மேலாகப் புள்ளிவிபரவியலின் ‘டி’யும் ‘பி’யாக இருந்திருந்தால் 2.80. இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைக்குப் பொதுவாகத் தேவைப்படும் 3.00 அப்போதும் எட்டாது. 120 கிரெடிற்றில் ஒரு 3 கிரெடிற் பாடம் ஒரு தரப்புள்ளி ஏறினால், மொத்தச் சராசரி 0.025தான் அசையும். நிதி நிறுவன நேர்முகக் குழுவில் இருப்பவர்கள் எண்களோடு வாழ்பவர்கள். இந்தக் கணக்கை அவர்கள் மனத்தால் போட்டுவிடுவார்கள், போட்டு முடித்ததும் உங்கள் மற்ற விளக்கங்களையும் நம்பத் தயங்குவார்கள்.

அதே கணக்கு வேறொரு செய்தியையும் காட்டுகிறது, அது விண்ணப்பதாரிக்குச் சாதகமானது. அவரது சராசரியைத் தாழ்த்தியது முதலாம் வருடம். அதன் பின் ஒவ்வொரு வருடமும் அது ஏறியிருக்கிறது. இறுதி வருடத்தை மட்டும் பார்த்தால் 3.00ஐத் தாண்டியிருக்கிறது. பாடசாலையில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலக் கற்கைக்குள் நுழையும் நமது மாணவர்களிடம் இந்த வடிவம் அடிக்கடி காணப்படும் ஒன்று. எனவே நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் சொந்த அட்டவணையை வருடவாரியாகப் பிரித்து நான்கு சராசரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தைப் பேசுங்கள். ஏறாமல் ஒரே மட்டத்தில் நின்றிருந்தால் ஏற்றத்தைப் பற்றிப் பேசாமல், விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமான பாடங்களின் தரத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், சராசரியை ஒப்புக்கொண்டு, பயிற்சிக் காலத்தில் செய்த வேலைக்குப் பேச்சைத் திருப்புவதே நேர்மையான வழி.

மூன்றாம் படி: நிலுவைப் பாடத்துக்கு ஒரு திகதி பிடித்தல்

முடியாத பாடத்தைப் பற்றிக் கேட்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது திகதி. காரணத்தை அவர் மரியாதைக்குக் கேட்பார். திகதியை வேலைக்காகக் கேட்பார். நமது முறையில் மீளப் பரீட்சைக்கெனத் தனியான ஓர் அமர்வு பெரும்பாலும் கிடையாது. அந்தப் பாடத்தை அடுத்த பற்ச் எழுதும்போது அவர்களுடன் சேர்ந்தே எழுத வேண்டும். அதாவது, மூன்றாம் வருட இரண்டாம் செமஸ்ரர் பாடம் ஒன்று விடுபட்டால், கனிஷ்ட பற்ச் அதே செமஸ்ரருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதையும் தவறவிட்டவருக்கு இன்னொரு வருடம் போகும். எழுதிய பின்னும் திருத்தம், பரீட்சைச் சபை, மூதவை அங்கீகாரம் என்று சில மாதங்கள் செல்லும்.

ஆகவே நேர்முகத்துக்கு முன் உங்கள் துறை அலுவலகத்துக்கோ பீடத்தின் பரீட்சைப் பிரிவுக்கோ நேரில் சென்று மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பாடம் அடுத்ததாக எந்த மாதமளவில் நடத்தப்படும், மீளப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி எது, நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்களா. மூன்றாவது கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டினோமா என்பதே சரியாக நினைவில்லாமல் நேர்முகத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். கட்டணப் பற்றுச்சீட்டு இருந்தால் அதன் பிரதியைக் கோவையில் வையுங்கள். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

திகதியைச் சொல்லும்போது ஒரு மாதத்தைக் குறிப்பிட்டு, அது யாரால் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. “ஒக்ரோபர் மாதமளவில் என்று பரீட்சைப் பிரிவில் சொன்னார்கள்” என்பது நம்பக்கூடியது. “கெதியில முடிஞ்சிடும்” என்பது எதையும் சொல்லவில்லை. பல்கலைக்கழக நாட்காட்டி பின்தள்ளிப் போவது இந்நாட்டில் புதினமல்ல. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தால் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதனால் திகதி பிந்தக்கூடும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவதில் தவறில்லை.

நான்காம் படி: காரணத்தைத் தெரிவு செய்தல்

காரணங்களில் பொதுவானவை உண்டு, தனிப்பட்டவை உண்டு. கொவிட் காலத்து இணையவழி வகுப்பு, 2022இன் மின்வெட்டும் எரிபொருள் வரிசையும், வேலைநிறுத்தம் ஆகியவை உங்கள் பற்ச் முழுவதையும் தொட்டவை. அதே மேசையில் அன்று காலை உங்கள் பற்ச்சைச் சேர்ந்த இன்னும் நான்கு பேர் இருந்து எழும்பியிருக்கக்கூடும். அவர்களுக்கும் அதே மின்வெட்டுத்தான். பொதுக் காரணத்தைச் சொல்வதானால், அது உங்களை மட்டும் கூடுதலாகப் பாதித்த வழியைச் சொல்ல வேண்டும்: தீவுப் பகுதியிலிருந்து படகிலும் பேருந்திலும் வந்துபோனது, வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தது என்பது போல. அப்படி ஒன்றும் இல்லை என்றால் அந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள்.

தனிப்பட்ட காரணம் என்றால், அதன் தலைப்பை மட்டும் சொன்னால் போதும். “சுகவீனம்”, “வீட்டில் ஒரு மரணம்”, “படிக்கும்போதே வேலையும் செய்தேன்” ஆகியவை தாமே முழுமையான காரணங்கள். நோயின் விபரத்தையோ குடும்பத்தின் பணக் கஷ்டத்தையோ விரித்துச் சொல்ல நீங்கள் கடமைப்படவில்லை. விரித்தால் கேட்பவர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சங்கடப்படுவார். விரிவுரையாளரைக் குறை சொல்வது எந்த நிலையிலும் வேண்டாம். அந்த விரிவுரையாளர் நேர்முகம் காண்பவரின் வகுப்புத் தோழனாகவோ மைத்துனராகவோ இருப்பது இங்கே அரிதன்று என்பது ஒருபுறமிருக்க, நாளைக்குத் தங்களையும் இப்படித்தான் வெளியில் சொல்வார் என்ற எண்ணம் அவர்களுக்கு வரும்.

காரணம் எதுவும் இல்லாமல், படிக்காததாலேயே குறைந்தது என்றால்? அதையும் சொல்லலாம்: “அந்தப் பாடத்துக்கு நான் போதிய நேரம் ஒதுக்கவில்லை.” இந்த வசனத்துக்குப் பின் அடுத்து வந்த அதே வகைப் பாடத்தில் எடுத்த தரத்தைச் சொல்ல முடிந்தால், இதைவிட வலுவான பதில் இல்லை. சொல்வதற்கு அப்படி ஒரு தரம் இல்லாவிட்டால் வசனம் அரைகுறையாக நிற்கும், ஆனாலும் புனைந்த நோயைவிட அது மேலானது. மருத்துவச் சான்றிதழைப் பார்க்கலாமா என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

ஐந்தாம் படி: பதிலை அமைத்தல்

நல்ல பதில் நான்கு வசனங்களுக்குள் அடங்கும்: என்ன நடந்தது, ஏன், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, வேலைக்கு அதனால் என்ன பாதிப்பு. சொல்லி முடிக்க அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். மேலே பார்த்த மாணவியின் கதையையே எடுப்போம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், குடாநாட்டில் டெங்கு பரவும் நாட்களில், அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது முகாமைக் கணக்கீட்டுப் பரீட்சை நடந்துவிட்டது. வீடு திரும்பிய பின் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தார். ஆனால் குறித்த கால எல்லை கடந்துவிட்டதால் அது ஏற்கப்படவில்லை, பதிவில் சமுகமளிக்கவில்லை என்றே விழுந்தது. நேர்முகத்தில் உரையாடல் இப்படிச் சென்றால் நன்றாக இருக்கும்:

“பிள்ளை, இந்த மனேஜ்மென்ற் எக்கவுன்ரிங்குக்கு றிசல்ற் இல்லையே. டிகிரி முடிஞ்சுதோ இல்லையோ?”

“இன்னும் முடியேல்ல சேர், அந்த ஒரு பேப்பர் மட்டும் மிச்சம் இருக்கு. சோதினை நேரம் டெங்குவோட ஆஸ்பத்திரியில இருந்தனான், மெடிக்கல் குடுக்கேக்க திகதி பிந்திப்போச்சு. வாற ஒக்ரோபர் அளவில கனிஷ்ட பற்ச்சோட எழுதுறன், அதுக்கு அப்ளை பண்ணிக் காசும் கட்டியிட்டன். சோதினைக்கு ஒரு நாள் லீவு மட்டும் தேவைப்படும், சேர்.”

இந்தப் பதிலில் முதல் வசனமே “முடியேல்ல” என்று தொடங்குவதைக் கவனியுங்கள். கேள்விக்கு நேர்ப் பதில் முதலில் வர வேண்டும். டெங்குவில் தொடங்கி, ஆஸ்பத்திரி வாட்டைக் கடந்து, மெடிக்கல் கதைக்கு வந்து, கடைசியில் “ஆனபடியால் இன்னும் முடியவில்லை” என்று வந்து சேர்ந்தால், கேட்பவர் இடையிலேயே பொறுமை இழந்து “அப்ப முடிஞ்சுதோ இல்லையோ?” என்று திரும்பக் கேட்பார். அப்படி அவர் ஒரே கேள்வியை வேறு சொற்களில் இரண்டாம் முறை கேட்டால், உங்கள் பதில் போய்ச் சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். உடனே நிறுத்தி, ஒரே வசனத்தில் விடை சொல்லுங்கள். நேர்முகம் ஆங்கிலத்திலும் நடக்கலாம், பாதியில் மொழி மாறவும் செய்யலாம். ஆகையால் இந்த நான்கு வசனங்களையும் இரு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளிவிபரவியல் ‘டி’யைப் பற்றிக் கேள்வி வந்தால், அது தனிக் கேள்வி, டெங்குவோடு அதைச் சேர்த்துக் கட்டக்கூடாது. “இரண்டாம் வருடத்தில் கணிதம் சார்ந்த பாடங்களை ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்ளச் சிரமப்பட்டேன், மூன்றாம் வருடத்தில் ஆய்வு முறையியல் பாடத்தில் அதே கணிப்புகளைச் செய்து ‘பி’ எடுத்தேன்” என்பதுபோல, பிந்திய ஒரு பாடத்தைச் சான்றாகக் காட்டினால் போதுமானது.

அடுத்து வரும் கேள்விகள்

முதற் பதிலுக்குப் பின் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். “போன வருசமே எழுதியிருக்கலாமே?” என்பது ஒன்று. அதற்குரிய உண்மை உங்கள் நாட்காட்டியில் இருக்கும்: பாடம் நடத்தப்படவில்லையா, அதே நாளில் வேறொரு பரீட்சை இருந்ததா, விண்ணப்பத் திகதி தவறியதா. தவறவிட்டிருந்தால் தவறவிட்டேன் என்றே சொல்லிவிடுங்கள். “இங்க வேலை தொடங்கினால் படிக்க நேரம் கிடைக்குமோ?” என்பது மற்றது. தகுதிகாண் காலத்தில் விடுமுறை சுருக்கமாகவே இருக்கும் என்பதால் கேட்கிறார்கள். பரீட்சை நாள் தவிர வேறு விடுமுறை கேட்கப்போவதில்லை என்று சொல்லலாம், ஆனால் பாடத்துக்கு வகுப்பு வருகையோ தொடர் மதிப்பீடோ மீண்டும் தேவைப்படுமா என்பதைத் துறையில் உறுதிப்படுத்திய பின்னரே அப்படிச் சொல்ல வேண்டும். சில பாடங்களில் பழைய தொடர் மதிப்பீட்டுப் புள்ளி அப்படியே எடுக்கப்படும். சிலவற்றில் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

நேர்முகம் முடிந்த பின்

நேர்முகத்தில் இதைக் கேட்டிருந்தார்கள் என்றால், அன்று மாலையோ மறுநாள் காலையோ ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்கவே இல்லை என்றால் இந்த விடயத்துக்கென ஒன்றும் அனுப்பத் தேவையில்லை. ஆனால் உங்கள் சுயவிபரக் கோவையில் பட்டம் முடிந்ததுபோல் எழுதியிருந்தால், கேட்காவிட்டாலும் அதைத் திருத்தியே ஆக வேண்டும். நியமனக் கடிதம் கிடைத்த பின் மூலச் சான்றிதழைக் கேட்பார்கள், அப்போது வெளிப்படும் பிழையான கூற்று வேலையையே பறிக்கும். கோவையில் “ஒரு பாட அலகு நிலுவையில்; இறுதிப் பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது” என்று ஒரு வரி போதும்.

மின்னஞ்சலின் உடல் இவ்வளவு இருந்தால் சரி:

“இன்றைய நேர்முகத்தில் எனது முகாமைக் கணக்கீட்டுப் பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனது 120 கிரெடிற்றில் 117 பூர்த்தியாகியுள்ளது. எஞ்சிய ஒரு பாடத்தின் பரீட்சை ஒக்ரோபர் மாதமளவில் நடைபெறும் எனப் பரீட்சைப் பிரிவு தெரிவித்துள்ளது. அதற்கான விண்ணப்பப் பற்றுச்சீட்டையும் இதுவரையான பெறுபேற்று அட்டவணையையும் இணைத்துள்ளேன். திகதி மாறினால் உடனடியாக அறியத்தருவேன்.”

இதில் டெங்கு இல்லை. காரணத்தை ஏற்கெனவே வாயால் சொல்லியாகிவிட்டது. எழுத்தில் திரும்பச் சொன்னால் அது மன்றாட்டமாக மாறிவிடும். நேர்முகத்தில் பதற்றத்தில் ஒரு திகதியையோ தரத்தையோ பிழையாகச் சொல்லியிருந்தால், அதைத் திருத்தும் இடமும் இதுவே: “ஓகஸ்ட் எனக் கூறியிருந்தேன், சரியான மாதம் ஒக்ரோபர்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நிறுவனம் உறுதிக் கடிதம் கேட்டால், கற்கையைத் தொடர்கிறார் என்றும் இன்ன பாடம் மட்டும் எஞ்சியுள்ளது என்றும் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தினூடாகக் கடிதம் பெறலாம். எழுதிக் கொடுத்த அன்றே கிடைக்கும் என்று நம்பி நிறுவனத்துக்கு நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். கடிதம் கைக்கு வந்த பின் அனுப்பினால் போதும். வேலை கிடைத்து, பரீட்சையும் எழுதிப் பெறுபேறு வந்ததும், புதிய அட்டவணையையும் பட்டம் செயல்வலுப் பெறும் திகதியைக் காட்டும் கடிதத்தையும் மனிதவளப் பிரிவில் கொடுத்து, தனிநபர்க் கோவையில் பழைய அட்டவணைக்குப் பதிலாக வைக்கச் சொல்லுங்கள். நிரந்தரமாக்கும் நேரத்தில் அந்தக் கோவையைத் திறப்பவர் உங்களை நேர்முகத்தில் கண்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை.